620 வீட்டு டிவிஷனும் 20 வீட்டுக் குடியிருப்பும்: ஒரே பட்டியலில் எழுமாற்றாக எடுப்பதா, படை பிரிப்பதா?

சாரல்மலை

நோர்வூட் பக்கம் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து தண்ணீர்க் கணக்கெடுப்பு ஒன்று செய்கிறோம். தோட்ட டிவிஷன்களும் சிறு கிராமங்களுமாக மொத்தம் 14 இடங்கள், ஏறக்குறைய 2,400 வீடுகள். பெப்ரவரி, மார்ச் வெயிலில் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குழாயில் தண்ணீர் வராத வீடுகள் எத்தனை சதவீதம் என்பதுதான் முக்கியக் கேள்வி. எங்கள் கைச்செலவுக்கு 240 வீடுகள்தான் கட்டுப்படியாகும்.

சிக்கல் இடங்களின் அளவில்தான். மூன்று பெரிய டிவிஷன்கள்: 620, 480, 410 வீடுகள். நடுத்தரம் ஐந்து, 100 முதல் 160 வரை, சேர்ந்து 650. மீதி ஆறும் சின்னஞ்சிறியவை: 60, 50, 45, 35, 30, 20. ஆறையும் கூட்டினால் 240 வீடுகள்தான்.

எங்களில் ஒருவர், 2,400 வீட்டையும் ஒரே பட்டியலில் போட்டு 240 சீட்டு எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் இடங்களை அளவுப்படி குழு குழுவாக, அதாவது படை படையாகப் பிரித்து, ஒவ்வொரு படையிலும் தனியாகச் சீட்டு எடுக்கச் சொல்கிறார். கூட்டத்தில் குரல் உயர்ந்ததுதான் மிச்சம். எது சரி?

வட்டவளைக்காரன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே பட்டியலில் எடுத்தால் பெரிய டிவிஷன்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சின்ன ஊர்களுக்கு நியாயம் கிடைக்காது, முடிவு பக்கச்சார்பாகிவிடும். பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று படை பிரித்து ஒவ்வொன்றிலும் 80 வீடு எடுங்கள். மூன்றுக்கும் சமமான குரல். 240 பேருடைய பதிலையும் கூட்டி வகுத்தால் விடை வந்துவிடும்.

கண்டிக் கணக்கர்

வட்டவளைத் தம்பி சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியை அப்படியே செய்தால் வம்பு.

முதலில், எளிய எழுமாற்று மாதிரியில் பக்கச்சார்பு கிடையாது. 2,400 வீட்டுக்கும் பத்தில் ஒன்று என்ற ஒரே வாய்ப்புத்தான். பெரிய டிவிஷனில் வீடு அதிகம், அதனால் மாதிரியிலும் அதிகம் வரும். மொத்தச் சதவீதம் கேட்கிறவனுக்கு அதுவே நியாயம்.

அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சிறிய ஆறு இடங்களிலிருந்தும் சேர்த்துச் சராசரியாக 24 வீடு வரும் என்பது உண்மை, ஆனால் உங்கள் கைக்கு வருவது சராசரி இல்லை, ஒரே ஒரு குலுக்கல். அதில் 15 வீடும் வரலாம், 33 வீடும் வரலாம். 20 வீட்டு இடத்தை எடுத்துக்கொண்டால், எட்டுக் குலுக்கலில் ஒன்றில் அங்கிருந்து ஒரு வீடுகூட வராது. அப்புறம் அந்த ஊர்க்காரர் "எங்களை ஏன் கேட்கவில்லை?" என்று வருவார். கணக்குப் பிழையில்லை என்று அவருக்கு எப்படி விளக்குவீர்கள்?

படை பிரித்தால் அந்தக் குலுக்கல் ஆட்டம் அடங்கும். ஆனால் படைக்கு 80 என்று சமமாக எடுத்துவிட்டுச் சும்மா கூட்டி வகுப்பது இருக்கிறதே, அதுதான் பக்கச்சார்பு. 1,510 வீட்டுக்கு 80, 240 வீட்டுக்கும் 80. சிறிய இடத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டைக் கேட்டிருக்கிறீர்கள், பெரிய இடத்தில் பத்தொன்பது வீட்டுக்கு ஒரு வீட்டை. இரண்டு பதிலும் ஒரே நிறையா?

சாரல்மலை

சேர், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வருடம் இதே இடங்களில் நாங்கள் செய்தது அதுதான்! படைக்கு 80 வீடு, ஒவ்வொரு படைக்கும் பட்டியல் வைத்துச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தோம். தண்ணீர் வராத வீடுகள்: பெரியதில் 80க்கு 16, நடுத்தரத்தில் 28, சிறியதில் 48. கூட்டினால் 92. 240ஆல் வகுத்து 38 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தோம். ஓர் அதிகாரி அதை வாசித்துவிட்டு, "பெரிய டிவிஷன் மூன்றுக்கும் தாங்கி கட்டிக் கொடுத்தாயிற்று, 38 வர வழியே இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார். வேண்டுமென்றே மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

கண்டிக் கணக்கர்

மறைக்கவில்லை. அவர் சொன்னது சரி. உங்கள் கையிலிருந்த எண்களை வைத்தே பார்ப்போம்.

பெரிய படையில் 20 சதவீதம். 1,510 வீட்டில் அது 302 வீடு. நடுத்தரத்தில் 35 சதவீதம், 650இல் 227 அல்லது 228. சிறியதில் 60 சதவீதம், 240இல் 144. கூட்டினால் ஏறக்குறைய 674 வீடு. 2,400ஆல் வகுத்தால் 28 சதவீதம்.

38 எங்கே, 28 எங்கே? உங்கள் அறிக்கைப்படி 920 வீட்டில் தண்ணீர் இல்லை. உண்மையில் உங்கள் தரவு சொன்னது 674. இடையில் உள்ள 246 வீடுகள் கூட்டல் முறையில் பிறந்தவை, மலையில் எங்கே தேடினாலும் கிடைக்காது. உங்களுக்கு வலுவான வாதம் ஒன்று கையில் இருந்ததும் அதில் மறைந்துபோயிற்று. சிறிய இடங்களில் 60, பெரிய இடங்களில் 20 என்ற வித்தியாசத்தை முன்னால் வைத்திருந்தால் அந்த அதிகாரி எதைத் திருப்பித் தருவார்?

வட்டவளைக்காரன்

சரி, நிறை கொடுக்க மறந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் படை பிரித்தால் விடை எப்போதும் துல்லியமாகும் என்பதையாவது ஏற்றுக்கொள்வீர்களா?

கண்டிக் கணக்கர்

"எப்போதும்" என்ற சொல் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறேன்.

போன வருடச் சதவீதங்களையே இந்த வருடத்துக்கும் உத்தேசமாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரே பட்டியலில் 240 எடுத்தால், மொத்த விடை கூட்டிக் குறைத்து 5.4 புள்ளிக்குள் நிற்கும் (95 சதவீத நம்பிக்கையில்). அதே 240ஐ வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்றபடி 151, 65, 24 என்று படைகளுக்குப் பிரித்தால் 5.2. ஆக, இத்தனை சண்டைக்கும் கிடைத்த லாபம் 0.2 புள்ளி!

படைகளுக்குள் பதில் ஒரே மாதிரியாகவும், படைகளுக்கிடையில் வெகுவாக வேறாகவும் இருந்தால்தான் பெரிய லாபம் வரும். இங்கே 20, 35, 60 என்று வேறுபாடு இருந்தும் லாபம் இவ்வளவுதான். ஏனென்றால் 60 வந்த படையில் இருப்பது மொத்த வீட்டில் பத்தில் ஒரு பங்கு. சமமாக 80, 80, 80 எடுத்துச் சரியாக நிறை கொடுத்தால், மொத்த விடையின் ஆட்டம் 6.1 ஆகக் கூடிவிடும். படை பிரித்தும் எளிய எழுமாற்றைவிட மோசம். பெரிய படையில் கேட்க வேண்டிய வீடுகளைச் சிறிய படைக்குக் கொடுத்துவிட்டீர்கள் அல்லவா, அதன் விலை அது.

மலைத்தேனீ

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இறுதி ஆண்டு ஆய்வுக்கட்டுரை செய்கிறேன். எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கு மார்கன் அட்டவணையைப் பார்க்கும்படி எங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். 2,400க்கு அதில் 331 என்று இருக்கிறது. அப்படியென்றால் இந்த 240 செல்லாதுதானே? எனக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், 331 பேரையும் ஒரே பாடசாலையில் எடுக்கலாமா?

கண்டிக் கணக்கர்

தங்கச்சி, இது வேறு கேள்வி, தனி இழை போட்டால் நல்லது. சுருக்கமாகச் சொல்கிறேன். 1970இல் வந்த அந்த அட்டவணை, விடை 50 சதவீதமாக இருக்கும், 5 புள்ளி ஆட்டம் போதும், எடுப்பது எளிய எழுமாற்று என்று மூன்றையும் முன்னமே வைத்துக்கொண்டு போட்டது. 331ஐ எங்கே, எப்படிப் பிரித்து எடுப்பது என்று அது சொல்லாது. 240 எடுத்தால் செல்லாது என்றும் சொல்லாது, ஆட்டம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரே பாடசாலையில் 331 பிள்ளைகளைப் பிடித்தால் அந்தப் பாடசாலையைப் பற்றித்தான் உங்களால் பேச முடியும்.

கிளங்கன்_பைக்

எல்லாரும் கணக்கே பேசுகிறீர்கள், பெட்ரோல் செலவை யார் பார்ப்பது? நாங்கள் மாட்டுப்பால் கணக்கெடுப்பு செய்தபோது 14 இடத்துக்கும் அலையவில்லை. சீட்டுப் போட்டு நாலு இடத்தைத் தேர்ந்தோம், இடத்துக்கு 60 வீடு, மூன்றே நாளில் முடிந்தது. 240 என்றால் 240தானே?

கண்டிக் கணக்கர்

தண்ணீருக்கு அது ஒத்துவராது. ஒரு லயத்தில் ஒரு வீட்டுக்குக் குழாய் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்கும் வராது, ஏனென்றால் தாங்கி ஒன்று. 60 பேரைக் கேட்டாலும் ஒரே செய்தியை 60 தடவை கேட்கிறீர்கள். ஒரே இடத்து வீடுகளுக்குள் உள்ள ஒற்றுமை 0.1 என்று குறைவாகவே வைத்தாலும், 1 + 59 × 0.1 = 6.9. 240ஐ அதால் வகுத்தால், உங்கள் 240 வீடு 35 வீட்டின் பெறுமதிக்கு இறங்கிவிடும். தண்ணீரில் அந்த ஒற்றுமை இன்னும் அதிகமாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

கிராமங்களைக் கொத்துக் கொத்தாக எடுப்பது தப்பில்லை. நாடு முழுவதற்கும் செய்கிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அவர்கள் இடங்களை நிறைய எடுத்து, இடத்துக்குக் கொஞ்ச வீடு எடுப்பார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள். 14 இடமும் ஒரே பிரதேசத்தில்தானே இருக்கின்றன, போய்வாருங்கள்.

கிளங்கன்_பைக்

பால் எங்களுக்குச் சரியாகத்தான் வந்தது. இருக்கட்டும்.

சாரல்மலை

சேர், ஒன்று புரியவில்லை. சமமாக எடுத்தால் மொத்த விடை கெடுகிறது. வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ப எடுத்தால் சிறிய இடங்களுக்கு 24 வீடுதான். எங்களுக்கு மொத்தமும் வேண்டும், சிறிய இடங்களைப் பற்றித் தனியாகவும் சொல்ல வேண்டும்.

கண்டிக் கணக்கர்

அதுதான் உண்மையான கேள்வி. முதல் பதிவிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும்!

24 வீட்டை வைத்துச் சிறிய இடங்களைப் பற்றிப் பேசினால், 60 சதவீதம் என்ற விடை கூட்டிக் குறைத்து 19 புள்ளி ஆடும். 41 என்றும் சொல்லலாம், 79 என்றும் சொல்லலாம். அதை எடுத்துக்கொண்டு யாரிடமும் போக முடியாது. 80 எடுத்தால் 9 புள்ளி, ஆனால் மொத்த விடை கெடுகிறது.

நடுவில் நில்லுங்கள்: பெரியதில் 120, நடுத்தரத்தில் 60, சிறியதில் 60. போட்டுப் பார்த்தேன். மொத்த விடையின் ஆட்டம் 5.4 புள்ளி, எளிய எழுமாற்றில் வருவதும் அதேதான். சிறிய படையின் ஆட்டம் 19இலிருந்து 11க்கு இறங்கிவிடுகிறது. மொத்தத்தில் ஒன்றும் இழக்காமல் சிறிய இடங்களைப் பற்றிப் பேச வாய் கிடைக்கிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

நிறை என்பது ஒரு வீடு எத்தனை வீட்டுக்காகப் பேசுகிறது என்பதுதான். பெரியதில் 1,510ஐ 120ஆல் வகுத்தால் 12.58. நடுத்தரத்தில் 10.83. சிறியதில் 4. எக்செல்லில் ஒரு நிரலாக இதைப் போட்டுவைத்து, சதவீதம் எடுக்கும்போதெல்லாம் அதைப் பெருக்கியே எடுங்கள். ஆர் (R) மொழி தெரிந்தவர் உங்களில் இருந்தால் இது போதும்:

```r
library(survey)
m <- svydesign(ids = ~1, strata = ~padai,
               weights = ~nirai, fpc = ~mottham, data = d)
svymean(~illai, m)
svyby(~illai, ~padai, m, svymean)
```

`mottham` என்பது அந்தப் படையின் மொத்த வீடு. `illai` தண்ணீர் வராத வீட்டுக்கு 1, வரும் வீட்டுக்கு 0.

ஓர் எச்சரிக்கை. சிறிய படைக்குள் "ஊருக்கு 10 வீடு" என்று சமமாகப் பிரிக்காதீர்கள். 60 வீட்டு ஊரில் 10, 20 வீட்டு ஊரிலும் 10 என்றால் நிறை மறுபடி மாறிவிடும், அப்புறம் ஊருக்கு ஒரு நிறை வைத்து அல்லாட வேண்டும். நாலு வீட்டுக்கு ஒன்று என்று எல்லா ஊரிலும் ஒரே விகிதம் வைத்தால் ஒரே நிறை போதும். 60 வீட்டில் 15 வரும், 20 வீட்டில் 5 வரும்.

மேட்டுலயம்

நான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவன். கணக்கு எனக்கு உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தம்பி. இந்த 2,400 வீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பட்டியலை எங்கிருந்து எடுத்தீர்கள்?

சாரல்மலை

கிராமங்களுக்குக் கிராம சேவகரிடமிருந்து. டிவிஷன்களுக்குச் செக்ரோலை வைத்து, ஐயா.

மேட்டுலயம்

அதைத்தான் நினைத்தேன். செக்ரோலில் இருப்பது வேலைக்காரர் பெயர். வீடு இல்லை. புருஷனும் பெண்சாதியும் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் அந்த வீடு இரண்டு தடவை இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் கொழும்பில் கடையில் நின்று, கிழவனும் கிழவியும் மட்டும் காம்பராவில் இருந்தால் அந்த வீடு இருக்கவே இருக்காது. முச்சக்கரவண்டி ஓட்டுகிற பையன் கல்யாணம் கட்டி அதே காம்பராவின் பின்பக்கம் தனி அடுப்பு வைத்திருப்பான், அவனும் இருக்கமாட்டான். பீலிக்கரையில் குடத்தோடு நிற்பதில் பாதிப்பேர் இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்தான்.

கண்டிக் கணக்கர்

ஐயா சொன்ன இந்த ஒரு பதிவுக்கு முன்னால் என் 5.2, 5.4 எல்லாம் சில்லறைக் காசு. இரண்டு பேர் வேலை செய்யும் வீட்டுக்கு இரண்டு மடங்கு வாய்ப்பு, வேலைக்குப் போகாத வீட்டுக்குப் பூச்சியம் வாய்ப்பு. நீங்கள் படை பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் இந்தக் கோளாறு அப்படியே இருக்கும், 240ஐ 600 ஆக்கினாலும் போகாது. பூச்சிய வாய்ப்புள்ள வீட்டை எந்த நிறையாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி: சிறிய இடம் ஒன்றை எடுத்து, லயம் லயமாக நடந்து அடுப்பை எண்ணுங்கள். பட்டியலோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். பத்தில் ஒன்றைத் தாண்டினால் 14 இடத்துக்கும் புதிதாகப் பட்டியல் போட வேண்டியதுதான்.

பிரட்டுக்களம்

எங்கள் அம்மா கொழுந்தெடுப்பவர், அதனால் சொல்கிறேன். பகல் 11 மணிக்கு வந்து கதவைத் தட்டாதீர்கள். மலையில் இருப்பார்கள். போன முறை எங்கள் லயத்துக்கு வந்த ஒரு குழு (யார் என்று சொல்லவில்லை), பூட்டிய வீட்டைப் பார்த்ததும் பக்கத்து வீட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டில் இருந்தது என் தாத்தா. தண்ணீர் எத்தனை நாள் வரவில்லை என்று கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? குடம் தூக்குவது அவர் இல்லையே.

கண்டிக் கணக்கர்

பக்கத்து வீட்டை மாற்றாக எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். எழுமாற்றாக எடுத்ததே வீண். மாலை கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு அல்லது ஞாயிற்றுக்கிழமை போங்கள். மூன்று தடவை போயும் ஆள் இல்லை என்றால் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். எத்தனை கிடைக்கவில்லை என்பதைப் படைவாரியாக அறிக்கையில் சொல்லுங்கள்.

வட்டவளைக்காரன்

எனக்கு இன்னொரு சந்தேகம். ஊரின் அளவை வைத்து ஏன் படை பிரிக்கிறோம்? கேள்வி தண்ணீரைப் பற்றியது. தாங்கித் தண்ணீர், பீலித் தண்ணீர், கிணறு என்று பிரித்தால் இன்னும் நல்லதில்லையா?

கண்டிக் கணக்கர்

இது நல்ல கேள்வி. இந்தத் தடவை முழுவதும் சரி! ஊரின் அளவு இங்கே வேலை செய்வதற்குக் காரணமே, பெரிய இடத்துக்குத் தாங்கி வந்தது, சிறிய இடத்துக்கு வரவில்லை என்பதுதான். எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று சீட்டு எடுப்பதற்கு முன்பே தெரிந்தால் அப்படிப் பிரிப்பது மேல்.

மேட்டுலயம்

தெரியாது. ஒரே லயத்தில் முன்பக்கம் தாங்கிக் குழாய், பின்பக்கம் பீலியிலிருந்து தாங்களே இழுத்த ஓஸ் குழாய். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. எதில் போடுவீர்கள்?

கண்டிக் கணக்கர்

அடுப்பு எண்ணும்போதே அதையும் குறித்தால் முடியும் என்று நினைக்கிறேன்.

மேட்டுலயம்

குறிக்கலாம். வெயில் காலம் வந்ததும் மாறிவிடும்.

சாரல்மலை

ஞாயிற்றுக்கிழமை 45 வீடு என்று இருந்த இடத்துக்குப் போய் எண்ணிவிட்டு வந்தோம். அடுப்பு 58. ஐயாவுக்கு நன்றி. மற்ற 13 இடத்துக்கும் பட்டியல் போடத் தொடங்குகிறோம். அது முடிந்த பிறகுதான் நிறையைத் திரும்பக் கணக்கிட வேண்டும் என்று புரிகிறது.

அந்த 58இல் ஏழு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் கொழும்பில், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வருவார்கள். சேர்ப்பதா, விடுவதா என்று எங்களுக்குள் மறுபடி சண்டை.

கண்டிக் கணக்கர்

வழக்கமாக அங்கே உண்டு உறங்குகிறவர்களை மட்டும் எடுங்கள். ஏழையும் விட்டுவிடுங்கள்.

பிரட்டுக்களம்

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் சித்தப்பா வீடும் அப்படித்தான் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் இல்லாததும் அவர்கள் போனதற்கு ஒரு காரணம். தண்ணீர் இல்லாமல் போனவர்களை விட்டுவிட்டு மீதிப்பேரைக் கேட்டால் விடை நல்லதாகத்தானே வரும்?

கண்டிக் கணக்கர்

அதற்கு மாதிரியெடுப்பில் விடை இல்லை. எதை "வீடு" என்கிறீர்கள் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எதைச் செய்தாலும் 14 இடத்திலும் ஒரே மாதிரிச் செய்யுங்கள், பூட்டிய வீட்டின் எண்ணிக்கையைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

சாரல்மலை

சரி சேர். கடைசியாக ஒன்று. நடுத்தரப் படையில் 160 வீட்டு இடம் ஒன்று, பெரிய டிவிஷனின் தாங்கியிலிருந்தே தண்ணீர் எடுக்கிறது. அதைப் பெரிய படைக்கு மாற்றலாமா?

கண்டிக் கணக்கர்

மாற்றலாம். ஆனால் சீட்டு எடுப்பதற்கு முன்னால். எடுத்துப் பதில் வந்த பிறகு மாற்றாதீர்கள்.